இலே, காலே, மாலே: பழைய அச்சு நூலை மொழிபெயர்ப்பதற்கு முன்

*கேள்வி: ஐயா, நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் தாத்தா வைத்திருந்த கைவைத்தியப் புத்தகம் ஒன்று உள்ளது, 1930-களில் அச்சானது. பிரான்சில் இருக்கும் அத்தை பிள்ளைகளுக்காக அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க நினைக்கிறேன். ஸ்கேன் செய்து, படத்தில் உள்ளதை எழுத்தாக மாற்றும் ஓ.சி.ஆரில் போட்டால் ‘இலே’, ‘காலே’, ‘ஆனுல்’ என்று வருகிறது. சில இடங்களில் பார்வைக்குச் சரியாகவே இருக்கிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பதற்கு முன் இவற்றை எப்படிப் பிடிப்பது?*

‘இலே’, ‘ஆனுல்’ இரண்டும் கண்ணில் பட்டுவிட்டதால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பிழைகள் கண்டபடி வருவதில்லை. குறிப்பிட்ட சில எழுத்துகளில், குறிப்பிட்ட காரணத்தால், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகின்றன. காரணம் தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ‘இலே’. உங்கள் தாத்தாவின் புத்தகத்தில் ‘இலை’ என்ற சொல்லை உருப்பெருக்கியில் பாருங்கள். இன்று நாம் எழுதுவதுபோல ‘ை’ என்ற இணைக்கொம்பு தனியாக முன்னால் நிற்காது. ல-வின் தலையிலேயே துதிக்கை போல ஒரு வளைவு ஏறி, எழுத்தோடு ஒட்டியிருக்கும். ணை, லை, ளை, னை என்ற நான்கும் அப்படித்தான் இருந்தன. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனித் துணைக்கால் கிடையாது. எழுத்தின் கடைசிக் கோடே நீண்டு, கீழே இறங்கி வளையும். அவற்றோடு கொம்பு சேரும் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆறையும் கூட்டினால் மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு 1978-இல்தான் அவற்றை ஏற்றது. ஈய எழுத்தில் அச்சுக் கோத்த அச்சகங்களில் அதற்குப் பிறகும் சில காலம் பழைய வடிவம் தொடர்ந்தது. அதனால் புத்தகத்தின் ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், முதல் பக்கத்தில் ‘இலை’, ‘ஆனால்’ என்ற இரண்டு சொற்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓ.சி.ஆர். மென்பொருள்கள் பெரும்பாலும் இன்றைய எழுத்துருக்களைக் கொண்டு பழக்கப்பட்டவை. துதிக்கை வைத்த லை அவற்றுக்குத் தெரியாத உருவம். தெரிந்தவற்றில் எது நெருக்கமோ அதை எழுதிவிடுகின்றன. முன்னால் ஒரு வளைவு இருக்கிறது, அதில் சுழியும் தெரிகிறது, ஆகவே அது இரட்டைக் கொம்பு என்று எடுத்துக்கொண்டு ‘லே’ என்கின்றன. கீழே வளைந்த னா, றா இரண்டையும் உகரக் குறி போட்ட எழுத்து என்று எடுத்துக்கொள்கின்றன. ‘ஆனால்’ என்பது ‘ஆனுல்’ ஆவதும், ‘என்றால்’ என்பது ‘என்ருல்’ ஆவதும் இதனால்தான். இணையத்தில் பழைய தமிழ் நூல்களின் ஓ.சி.ஆர். பாடங்களைத் திறந்து பார்த்தால் ‘இல்லே’, ‘தலே’, ‘நன்ருக’ என்று பக்கம் முழுக்க இதையே காணலாம்.

‘இலே’ என்பது தமிழில் இல்லாத சொல், அதனால் பயமில்லை, எப்படியும் மாட்டிக்கொள்ளும். பயப்பட வேண்டியது ‘அவனை’ என்பது ‘அவனே’ ஆகும்போது. ‘தேனை விட்டு’ என்பது ‘தேனே விட்டு’ ஆகும்போதும் அப்படித்தான். இரண்டாம் வேற்றுமை உருபு போய் அங்கே ஏகாரம் உட்கார்ந்துவிடுகிறது. ‘அவனே’ நல்ல தமிழ்ச் சொல் என்பதால் எழுத்துப்பிழைத் திருத்தி அதைத் தொடாது. மொழிபெயர்க்கும்போது செயப்படுபொருள் எழுவாயாக மாறி, யார் யாருக்கு என்ன செய்தார் என்பதே தலைகீழாகிவிடும். லே-யை எல்லாம் லை என்று ஒரே அடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். மேலே, உள்ளே, முன்னே, பின்னே எல்லாம் நிஜச் சொற்கள். உங்களுடையது வைத்தியப் புத்தகம் வேறு, ஒட்டுமொத்தமாக மாற்றினால் அத்தனை லேகியமும் ‘லைகியம்’ ஆகிவிடும். ணே, னே, லே, ளே வரும் சொற்களைப் பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது சொற்கள் வந்தாலும் அது கால் மணி நேர வேலைதான்.

அடுத்து, பார்வைக்குச் சரியாக இருந்தும் தேடினால் கிடைக்காத சொற்கள். நீங்கள் சொல்வது அநேகமாக ர-வும் துணைக்காலும் மாறிய இடமாக இருக்கும். ‘ர’ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு சாய்வான வால் உண்டு. ஆனால் ரி, ரீ, ர் என்று எழுதும்போது பல அச்செழுத்துகளில் அந்த வால் இருக்காது. வால் போனால் ர-வும் ‘ா’-வும் ஒரே உருவம். அதனால் ‘உரி’ என்ற சொல்லை ஓ.சி.ஆர். ‘உாி’ என்று எழுதிவிடுகிறது. முதலாவதில் இருப்பது உ, ர, மேல்விலங்கு. இரண்டாவதில் இருப்பது உ, துணைக்கால், மேல்விலங்கு. பெரும்பாலான திரைகளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். தேடலும் அகராதியும் மொழிபெயர்ப்புக் கருவியும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ‘ர்’ என்பது ‘ா்’ ஆவதும் இதே கதை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு யூனிகோடுக்கு மாற்றிய ஆவணங்களிலும் இதைப் பார்க்கலாம். ‘கௌரவம்’ என்பதில் இருக்க வேண்டிய கொம்புக்காலுக்குப் பதில் ள-வைப் போட்டு ‘கெளரவம்’ என்று வருவதும் இந்த வகைதான். இதை யூனிகோடு சீராக்கமும் சரிசெய்யாது, ஏனென்றால் அதன் கணக்கில் ள என்பது முழு மெய்யெழுத்து.

இந்த வகையைக் கண்ணால் தேடிப் பயனில்லை, கண் ஏமாறுவதால்தானே இது வருகிறது. ஆனால் கணினிக்கு இது மிகச் சுலபம். தமிழில் ஒரு மெய்யெழுத்துக்குப் பின் ஓர் உயிர்க்குறிதான் வர முடியும், இரண்டு குறிகள் அடுத்தடுத்து வர முடியாது. ‘உ’ போன்ற தனி உயிருக்குப் பின்னும் குறி வர முடியாது. இந்த விதியை மீறும் சொற்களைக் கேட்டால் போதும், எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ள முழு மெய்யெழுத்து என்பதால் ‘கெளரவம்’ மட்டும் இதில் சிக்காது, அதைத் தனியாகத் தேட வேண்டும்.

மூன்றாவது எண்கள். வைத்தியப் புத்தகத்துக்கு இதுதான் உயிர்நாடி, எனக்கு இதில் ஒருமுறை பட்ட அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கடலூரில் ஓர் உறவினர் வைத்திருந்த சின்ன நூலை ஓ.சி.ஆர். எடுத்து, மேலோட்டமாகத் திருத்தி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். வெளிநாட்டில் இருந்து ஒரு பெண் படித்துவிட்டு, “மாமா, மிளகு எத்தனை என்று எங்குமே இல்லையே?” என்று கேட்டாள். மூலத்தில் இருந்தது. ‘மிளகு ௰’, அதாவது பத்து மிளகு. ஓ.சி.ஆர். அதை ‘மிளகு ய’ என்று எழுதியிருந்தது. தனியாக நிற்கும் ‘ய’ ஏதோ அச்சுப்பிழை என்று மொழிபெயர்க்கும்போது நானே விட்டுவிட்டேன். அளவு தடமே இல்லாமல் மறைந்துபோனது. தவறான எண் இருந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள், இல்லாத எண்ணை யார் சந்தேகப்படுவது? நல்லவேளை, அவள் கேட்டாள்.

தமிழ் எண்கள் எழுத்துகளைப் போலவே இருக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ௧ என்பது க போல, ௨ என்பது உ போல, ௪ ச போல, ௫ ரு போல, ௬ சு போல, ௭ எ போல, ௮ அ போல, ௯ கூ போல, ௰ ய போல. யூனிகோடில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு: எழுத்து க என்பது U+0B95, எண் ௧ என்பது U+0BE7. அச்சிட்ட தாளில் அந்த வேறுபாடு கிடையாது. ஓ.சி.ஆர். அதிகம் பார்த்திருப்பது எழுத்துகளை, ஆகவே எழுத்தையே எழுதும். பின்னங்கள் இன்னும் கடினம். கால் என்பதற்கான பழைய குறி பார்வைக்கு வ போல இருக்கும். தமிழ்ப் பின்னக் குறிகள் யூனிகோடில் சேர்ந்ததே 2019-இல் வந்த 12.0 பதிப்பில்தான், பெரும்பாலான எழுத்துருக்களில் இன்னும் இல்லை. அதனால் ‘பலம் வ’ என்று வந்தால் கால் பலமாக இருக்கக்கூடும் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க நன்னூலே வழி சொல்கிறது. ஓரெழுத்து ஒருமொழி தமிழில் 42 என்றும், அவற்றில் நெடில் 40, குறில் ‘நொ’, ‘து’ இரண்டு மட்டுமே என்றும் அது கணக்குச் சொல்லும். ஆகவே தீ, பூ, கை, பை எல்லாம் தனியாக நிற்கலாம். க, உ, ச, எ, அ, ய, வ போன்ற குறில்கள் தனியாக நின்றால் அது பெயரின் முன்னெழுத்தாக இருக்க வேண்டும், பட்டியலின் வரிசைக் குறியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண். ஒரு விதிவிலக்கு உண்டு: பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் ‘உ’ பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு சின்ன நிரல் தருகிறேன். பைதான் இருக்கும் எந்தக் கணினியிலும் ஓடும். `sallaadai.py` என்று சேமித்து, `python sallaadai.py` என்ற கட்டளைக்குப் பின்னால் ஓ.சி.ஆர். தந்த கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

```python
import re, sys, unicodedata as u
t = u.normalize("NFC", open(sys.argv[1], encoding="utf-8").read())
rules = {
  "A": r"[\u0B85-\u0B94\u0BBE-\u0BCD][\u0BBE-\u0BCD]",
  "B": r"[ணனலள]ே",
  "C": r"^([அஉஎகசயவ]|ரு|சு|கூ)$",
  "D": r"ன்ர|ண்ற|ன்ட",
}
for n, line in enumerate(t.splitlines(), 1):
    for w in line.split():
        for k, p in rules.items():
            if re.search(p, w.strip(",.;:")):
                print(n, k, w)
```

A என்பது குறி மேல் குறி வந்த இடம். B துதிக்கை எழுத்தாக இருக்கக்கூடிய இடம். C தனியே நிற்கும் எழுத்து. D மட்டும் புதிது, அதைச் சொல்லிவிடுகிறேன். எந்த மெய்க்குப் பின் எந்த எழுத்து வரும் என்பதற்குத் தமிழில் கட்டுப்பாடு உண்டு, இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்பார்கள். மூன்று சுழி ண்-க்குப் பின் ட வரும், ற வராது. இரண்டு சுழி ன்-க்குப் பின் ற வரும், டவும் ரவும் வராது. மை பரவிய அச்சில் ண-வின் ஒரு சுழி அடைபட்டு ன ஆகிவிடுவது அடிக்கடி நடக்கும், அப்போது ‘கண்டு’ என்பது ‘கன்டு’ என்று வந்து இந்த விதியில் சிக்கும். ‘நன்ருக’ போன்ற பழைய றா பிழைகளும் இதில்தான் சிக்கும். வெளிநாட்டுப் பெயர்கள் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராது. புதுச்சேரியில் ஹென்ரி என்று பெயர் வைத்தவர்கள் உண்டு, அவர்களை ‘ஹென்றி’ என்று மாற்றுவதா வேண்டாமா என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிரல் எதையும் திருத்தாது, வரி எண்ணையும் சொல்லையும் காட்டும், அவ்வளவுதான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது ஒரு வரியை எடுத்து முழுதாகப் பார்ப்போம். உங்கள் புத்தகத்தில் இருப்பது போன்ற ஒரு கஷாயக் குறிப்பை நானே எழுதியிருக்கிறேன், பிழைகள் மட்டும் நான் பல நூல்களில் பார்த்தவை. மருந்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓ.சி.ஆர். தந்தது இப்படி என்று வையுங்கள்:

ஆடாதோடை இலே எ, சுக்கு பலம் வ, மிளகு ய, நன்ருய் இடித்து, உாி தண்ணீர் விட்டு, உழக்காய்ச் சுண்டக் காய்ச்சித் நேனே விட்டுக் காலே மாலே இரு வேலே மூன்று நான் கொடுக்கவும்.

இதை நிரலில் போட்டால் பத்துச் சொற்கள் வரும். இலே, எ, வ, ய, நன்ருய், உாி, நேனே, காலே, மாலே, வேலே. ‘ஆடாதோடை’ ஒழுங்காக வந்திருப்பதைக் கவனியுங்கள், டை அந்த 13 எழுத்துகளில் இல்லாததால் அதற்குத் துதிக்கை கிடையாது. இதுவே நல்ல சோதனை. ஒரு பக்கத்தில் டை, கை, வை சரியாக வந்து, லை, னை மட்டும் சொதப்பினால் அந்தப் பக்கம் பழைய எழுத்து அச்சு என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

எளியவற்றை முதலில் முடிப்போம். இலே, காலே, மாலே மூன்றும் இலை, காலை, மாலை. நன்ருய் என்பது நன்றாய். உாி என்பது உரி, அதாவது அரைப் படி. எ என்பது ஏழு, ய என்பது பத்து, வ என்பது கால் பலம். பலம் என்பது ஏறக்குறைய 35 கிராம், ஆக ஒன்பது கிராம் அளவு சுக்கு. இந்த எண் ஏழு இலைக்கும் பத்து மிளகுக்கும் பொருத்தமாக இருக்கிறதா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். இருக்கிறது. தண்ணீரின் கணக்கும் பார்க்க வேண்டும்: படிக்கு இரண்டு உரி, உரிக்கு இரண்டு உழக்கு, உழக்குக்கு இரண்டு ஆழாக்கு. உரி தண்ணீர் உழக்காகச் சுண்டினால் பாதியாகிறது, சரி. ஒருவேளை ‘உழக்குத் தண்ணீர் உரியாகச் சுண்ட’ என்று வந்திருந்தால் காய்ச்சிய தண்ணீர் பெருகியிருக்கும், அப்போதே எங்கோ தவறு என்று தெரிந்துவிடும்.

‘நேனே’ கொஞ்சம் சுவையானது. பின்பாதியில் துதிக்கை னை இருக்கிறது என்று தெரிகிறது, ஆக ‘நேனை’. அப்படி ஒரு சொல் இல்லை. முன்னால் இருக்கும் சொல்லைப் பாருங்கள்: ‘காய்ச்சித்’. அங்கே ஒற்று மிகுந்திருக்கிறது, அதுவும் த். வல்லினம் மிகும்போது அடுத்த சொல்லின் முதல் எழுத்து எதுவோ அதே ஒற்றுதான் வரும். ந-வுக்கு முன் த் வரவே வராது. ஆக அடுத்த சொல் த வரிசையில்தான் தொடங்க வேண்டும்: தேனை. வால் தேய்ந்த த-வை ந என்று படித்திருக்கிறது. பழைய நூல்களில் சந்தி கண்டிப்பாகப் போட்டிருப்பார்கள், அது இன்று நமக்குச் சாட்சியாக நிற்கிறது. அதனால்தான் திருத்தும்போது ஒற்றுகளை நீக்கி ‘எளிமை’ ஆக்க வேண்டாம் என்று சொல்கிறேன், மொழிபெயர்ப்பு முடியும்வரை அவை இருக்கட்டும்.

‘வேலே’யில்தான் நிதானம் வேண்டும். துதிக்கை என்று தெரிந்து லே-யை லை ஆக்கினால் ‘வேலை’ வருகிறது. எழுத்துப்பிழைத் திருத்தியும் அதைத்தான் பரிந்துரைக்கும். சொல் சரியாக இருக்கிறது என்று நாம் அடுத்ததற்குப் போய்விடுவோம். அப்புறம் பிரெஞ்சில் ‘இரண்டு வேலை’ என்று போகும். மூலத்தில் இருப்பது ‘வேளை’. துதிக்கை ஏறிய லை-யும் ளை-யும் பழைய அச்சில் மிகவும் நெருங்கிய உருவங்கள். ள-வின் வலப்பக்கக் கால் கீழே இறங்குகிறதா என்பதுதான் வேறுபாடு. ஒரே எழுத்தில் இரண்டு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன, ஒன்றைத் திருத்தியதும் மற்றது நல்ல சொல்லின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஆகவே B பட்டியலில் வரும் ஒவ்வொரு லே-க்கும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது லே-யா லை-யா? லை என்றால், உண்மையில் லை-யா ளை-யா? உங்கள் நூலில் பாலை, பாளை இரண்டுமே வரலாம், ஒன்று மரம், மற்றது தென்னம்பாளை. நல்வேளை என்று ஒரு மூலிகையும் உண்டு, அதனால் வேளை எல்லாம் பொழுது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

பத்தும் முடிந்தது. ஆனால் வரி இன்னும் சரியாகவில்லை. ‘மூன்று நான் கொடுக்கவும்’ என்பது நிரலில் வரவே இல்லை. நாள் என்பதை நான் என்று படித்திருக்கிறது. நான் நல்ல சொல், எந்த விதியையும் மீறவில்லை. இன்றைய ஓ.சி.ஆர். கருவிகள் எழுத்தின் உருவத்தோடு முன்பின் எழுத்துகளையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்கின்றன. உருவம் தெளிவில்லாதபோது, அதிகம் புழங்கும் சொல்லின் பக்கம் சாய்கின்றன. அதனால் இந்தவகைப் பிழை எப்போதும் உண்மையான சொல்லாகவே வரும். டெசராக்ட் என்ற ஓ.சி.ஆர். கருவி ஒவ்வொரு சொல்லுக்கும் நம்பிக்கை மதிப்பெண் தரும்:

```
tesseract pakkam12.png pakkam12 -l tam tsv
```

வரும் கோப்பில் `conf` என்ற பத்தியைப் பாருங்கள். மதிப்பெண் குறைந்த சொற்களை முதலில் பார்ப்பது நல்லதுதான். ஆனால் ‘நான்’ போன்றவை உயர்ந்த மதிப்பெண்ணோடு வந்து நிற்கும், அதனால் உயர்ந்த மதிப்பெண்ணைச் சான்றிதழாக எடுக்க வேண்டாம். இரண்டு வேறு ஓ.சி.ஆர். கருவிகளில் போட்டு வேறுபடும் இடங்களை மட்டும் பார்ப்பது இதைவிட நல்ல வழி. ஒன்று நான் என்றால் மற்றது நாள் என்னும், மாட்டிக்கொள்ளும். ஈய எழுத்தே உடைந்து அச்சான இடத்தில் இரண்டும் ஒரே தவறைச் செய்யும், அதற்கு இந்த வழி உதவாது.

அதற்கு மிச்சம் இருப்பது ஆள் வைத்துப் படிப்பது. வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் திரையில் உள்ள பாடத்தைப் பின்தொடருங்கள். இதை மாற்றிச் செய்யாதீர்கள். திரையில் உள்ளதை முதலில் படித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தால், மூளை ஏற்கெனவே படித்ததையே தாளிலும் காணும். முழுப் புத்தகத்துக்கும் இவ்வளவு பொறுமை வராது என்றால், எண், அளவு, மூலிகைப் பெயர், பொழுது, நாள் கணக்கு வரும் சொற்களை மட்டுமாவது எழுத்து எழுத்தாகப் படியுங்கள். முகவுரையில் ஒரு பிழை தப்பினால் பரவாயில்லை. அளவில் தப்பக் கூடாது.

ஸ்கேன் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் பாதிப் பிழை அங்கேயே பிறக்கிறது. 400 டிபிஐ, சாம்பல் நிறத்தில் எடுங்கள், கறுப்பு வெள்ளையாக வேண்டாம். கறுப்பு வெள்ளையாக்கினால் ண, ன-வின் சுழிகள் அடைபடும். ஸ்கேனரில் ‘புள்ளிகளை நீக்கு’ என்று ஒரு வசதி இருக்கும், அழுக்கை அகற்றுவதற்காக. தமிழுக்கு அதைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள், அழுக்கோடு மெய்யெழுத்தின் புள்ளியும் போய்விடும். புள்ளி போனதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: சொல்லின் நடுவே வரும் ந-வைப் பாருங்கள். தமிழ்ச் சொல்லின் நடுவில் ந பெரும்பாலும் ‘ந்’ ஆகத்தான், த-வுக்கு முன் வரும். ‘வநது’, ‘இநத’ என்று புள்ளி இல்லாமல் நின்றால் பக்கம் முழுவதிலும் புள்ளி தேய்ந்திருக்கிறது என்று பொருள், திருத்திக்கொண்டிருப்பதைவிட மறுபடி ஸ்கேன் செய்வதே மேல். வேதநாயகம், ரங்கநாதன், தேநீர் போன்ற கூட்டுச் சொற்கள் விலக்கு.

வேலையைப் பக்கம் பக்கமாகச் செய்யுங்கள். ஓ.சி.ஆர். தந்த கோப்பைத் தொடாமல் அப்படியே வைத்து, திருத்துவதற்கு அதன் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தும் நகலில் எண்களைத் தமிழ் எண்ணாக விடாமல் 7, 10, ¼ என்றே எழுதிவிடுங்கள், பிறகு எந்தக் கருவியும் அதை எழுத்தாக எண்ணாது. அளவைப் பெயர்களில் சந்தேகம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள், உரி, உழக்கு, பலம், கழஞ்சு எல்லாம் அதில் கிடைக்கும். மூலிகைப் பெயர் தெளியவில்லை என்றால் சித்த மருத்துவர் ஒருவரிடம் புத்தகத்தின் பக்கத்தையே காட்டிக் கேளுங்கள், தட்டச்சு செய்த பாடத்தைக் காட்டாதீர்கள்.

அதற்கும் தெளியாத சொல் சில இருக்கும். அவற்றை ஊகித்து நிரப்பாமல், சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு வைத்து, பக்க எண்ணையும் வரி எண்ணையும் எழுதி, அந்தச் சொல்லின் படத்தை வெட்டி ஒட்டுங்கள். பிரெஞ்சுப் பாடத்திலும் அந்த அடைப்பும் படமும் அப்படியே போகட்டும். அத்தை பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் தெரிந்தால்கூட அவர்களே ஒருநாள் அதைப் படித்துவிடலாம்.